இரவைப் பார்க்காதவர் இரவுக்கு இடும் புள்ளி

அரசாங்க வைத்தியசாலையில் ஒரு விடுதியின் பொறுப்புத் தாதியாக இருப்பவருக்கு வருடத்தில் ஒருமுறை வந்து சேரும் சங்கடமான வேலை ஒன்று உண்டு. தன் கீழ் வேலை செய்யும் தாதியர் ஒவ்வொருவருக்கும் செயலாற்றுகை மதிப்பீட்டுத் தாளை நிரப்ப வேண்டும். எங்கள் விடுதியில் நான் பாவித்த தாளில் மூன்று தலைப்புகள் முக்கியமானவை. நோயாளர் பராமரிப்பு, குழுவாக இயங்குதல், இரவுக் கடமை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. பக்கத்தில் காரணம் எழுத நான்கு வரி இடம்.

பெரும்பாலான தாள்களில் அந்த நான்கு வரியும் வெறுமையாகவே போகும். எல்லோருக்கும் நாலு புள்ளி போட்டால் எவருக்கும் மனவருத்தம் இல்லை. காரணம் எழுதாவிட்டால் எவரும் கேள்வி கேட்பதும் இல்லை. ஆனால் அப்படி நிரப்பப்பட்ட தாளுக்கும் நிரப்பப்படாத தாளுக்கும் வித்தியாசம் கிடையாது.

மூன்றாவது தலைப்பில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. எங்கள் நாட்டு வைத்தியசாலைகளில் தாதியரின் கடமை நேரம் பெரும்பாலும் மூன்றாகப் பிரியும். காலை 7 முதல் பகல் 1 வரை, பகல் 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. பகல் முறைகள் இரண்டும் ஆறு ஆறு மணித்தியாலம். இரவோ பன்னிரண்டு மணித்தியாலம். ஆட்தொகை இரவில்தான் ஆகக் குறைவு. பொறுப்புத் தாதியோ பகலில் வேலை செய்பவர். நான் வீட்டில் உறங்கும் நேரத்தில் நடந்த வேலைக்கு நான் புள்ளி போட வேண்டும்.

இரவு மேற்பார்வைக்கு ஒருவர் வருவார்தான். அவர் வருவது பன்னிரண்டு, ஒரு மணியளவில். அந்த நேரத்தில் எல்லோரும் நிமிர்ந்துதான் இருப்பார்கள். உடல் சோர்ந்து புத்தி மங்குவது மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். உடல் வெப்பநிலை ஆகக் கீழே இறங்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். பழகியவருக்கும் கண் இருளும். கூட்டல் கணக்குப் பிழைக்கும். அந்த வேளையில் விடுதிக்கு வந்து பார்ப்பவர் எவரும் இல்லை.

ஆகவே நான் ஆட்களைப் பார்ப்பதை விட்டு, இரவு விட்டுச் சென்ற தடயங்களைப் பார்க்கப் பழகினேன். மதிப்பீட்டுக்கு முந்திய மூன்று மாதங்களிலும் மாதத்துக்கு மூன்று என, ஒரு தாதிக்கு ஒன்பது இரவுகளைத் தெரிவு செய்வேன். நல்ல இரவா கெட்ட இரவா என்று பார்த்துத் தெரிவதில்லை. கடமைப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தது போலத்தான். இல்லாவிட்டால் கடைசியாக நடந்த ஒரு சச்சரவோ, செல்வாக்குள்ள ஒருவரின் முறைப்பாடோ முழு வருடத்தையும் விழுங்கிவிடும். பிறகு அந்த ஒன்பது இரவுகளின் அவதானிப்புத் தாள்களையும் கட்டில் சீட்டுகளையும் எடுத்து வைத்து வாசிப்பேன்.

வாசிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் பார்த்து எழுதிய தாளுக்கும், கதிரையில் இருந்தபடி எழுதிய தாளுக்கும் மொழியே வேறு. ஒரு தாளில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் நாடித்துடிப்பு 80, சுவாசம் 20, குருதி அமுக்கம் 110க்கு 70 என்று ஒன்பது தரம் எழுதியிருக்கும். நேரமும் 10.00, 11.00, 12.00 என்று சரியாக மணிக்கு மணி நிற்கும். மனித உடம்பு அப்படி இராது. உறங்கும்போது நாடி இறங்கும். சிறுநீர் கழிக்க எழுந்தால் ஏறும். நாற்பத்திரண்டு கட்டில்கள் உள்ள விடுதியில் எந்தத் தாதியாலும் ஒவ்வொரு மணிக்கும் சரியாக அந்த நிமிடத்தில் ஒரு கட்டிலருகே நிற்கவும் முடியாது. 10.10, 11.05, 12.20 என்று எழுதியிருக்கும் தாளையே நான் முதலில் நம்புவேன். சுவாசத்தை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். அதனால் கள்ளத் தாளில் முதலில் உறைந்து போகும் எண் சுவாசத்தின் எண்தான்.

இன்னொரு சோதனை சேலைன் போத்தலில் இருக்கிறது. மணிக்கு 75 மில்லிலீற்றர் என்று வைத்தியர் எழுதியிருந்தால், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயில் நிமிடத்துக்கு 25 துளி விழ வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கு ஏற்றிய 500 மில்லிலீற்றர் போத்தல் இரவு 12.40க்கு முடிய வேண்டும். அடுத்த போத்தல் 12.45க்கு ஏற்றப்பட்டதாக எழுதியிருந்தால், இடையில் எவரோ துளிகளை எண்ணியிருக்கிறார். பத்து மணிக்கே ஏற்றப்பட்டிருந்தால் போத்தல் தன்பாட்டில் ஓடியிருக்கிறது. பக்கத்துத் தாளில் மணிக்கு மணி 75 என்று எழுதியிருந்தாலும் அதற்குப் பெறுமதி இல்லை.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளர் எல்லோரும் அமைதியாக உறங்கிய இரவு தடயம் எதையும் விடாது. அழகாக எழுதத் தெரிந்தவர் அழகாக வேலை செய்பவர் என்பதும் இல்லை. அதனால் தாளை வாசித்த பிறகு, அதே இரவில் கூட இருந்தவர்களிடமும் கேட்க வேண்டும். எந்தத் தாதியையும் தனியாக மதிப்பிட முடியாது என்பதை எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்தது 2017ஆம் ஆண்டின் ஓர் இரவு.

அந்த ஆண்டு இலங்கையில் டெங்கு என்றுமில்லாதவாறு பரவியது. நாடு முழுவதும் 180,000க்கும் மேற்பட்டோர் நோயாளராகப் பதிவாகினர். மார்ச் மாதத்தில் கிண்ணியா பட்ட பாட்டைக் கிழக்கில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கிலேயே இன்னோர் ஊரில் இருந்த எங்கள் வைத்தியசாலையிலும் கட்டிலுக்கு இருவர் என்று கிடந்தனர். டெங்கு நோயாளருக்கென ஆறு கட்டில்களுடன் தனியான உயர் கவனிப்புப் பிரிவு ஒன்றைத் திறக்க முடிவாயிற்று. அதற்குத் தாதியரைத் தெரிவு செய்ய எங்கள் மதிப்பீட்டுத் தாள்களைக் கேட்டிருந்தார்கள். அந்த முறை புள்ளிகளுக்கு உண்மையாகவே ஒரு விளைவு இருந்தது.

என் விடுதியில் அந்தப் பிரிவுக்கு முதலில் நினைவுக்கு வரும் தாதி ஒருவர் இருந்தார். பத்து வருட அனுபவம். அதிகம் பேச மாட்டார். அவரைப் பற்றியே ஒரு கடிதமும் என் மேசைக்கு வந்திருந்தது. சக தாதியர் மூவர் ஒப்பமிட்டிருந்தார்கள். அவருடன் இரவுக் கடமை செய்வது கஷ்டம், ஒரு நோயாளியோடு நின்றுவிடுவார், மற்ற வேலையெல்லாம் எங்கள் தலையில், காலை மருந்து பிந்துகிறது, வைத்தியர்களை வீணாக எழுப்புகிறார் என்பது அதன் சாரம். உதாரணமாக ஓர் இரவின் திகதியையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

அந்த இரவு நான் தெரிவு செய்த ஒன்பதில் ஒன்றல்ல. ஆயினும் முறைப்பாட்டில் வந்துவிட்டதால் பத்தாவதாக அதையும் எடுத்தேன். கடமையில் மூன்று தாதியர். அவர், கடிதத்தில் முதல் ஒப்பமிட்டவர், பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்து நான்கு மாதமேயான இளம் தாதி. சிற்றூழியர் ஒருவர். நோயாளர் 42 பேர், அதில் நால்வர் டெங்கு.

கதை பதினேழாம் கட்டிலில். மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்யும் இளைஞன். வயது 22, நிறை 50 கிலோ. காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேரும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்தப் பையனுக்குப் பின்னேரம் ஆறு மணியிலிருந்து கசிவுக் காலம் தொடங்கியதாக வைத்தியர் குறித்திருந்தார். அந்த 48 மணித்தியாலத்துக்கும் அவனுக்குக் கொடுக்கக்கூடிய மொத்த நீர் 4,600 மில்லிலீற்றர். ஒரு நாளின் சாதாரணத் தேவை 2,100. அதோடு கசிவை ஈடுசெய்யக் கிலோவுக்கு 50 வீதம் 2,500. வாயால் குடிப்பதும் நாளத்தால் போவதும் இரண்டுமே இந்தக் கணக்கில் சேரும். குறைந்தால் அதிர்ச்சி நிலை. கூடினால் கசிவு நின்ற பிறகு அந்த நீரெல்லாம் திரும்பி வந்து சுவாசப்பையை நிறைக்கும்.

தாளை வாசித்தேன். இரவு 11.05க்கு குருதி அமுக்கம் 110க்கு 80, நாடி 92. நள்ளிரவு தாண்டி 1.10க்கு 104க்கு 80, நாடி 100. 2.05க்கு 100க்கு 82, நாடி 112. கைகள் குளிர்ந்துள்ளன என்று ஓரத்தில் எழுதியிருந்தது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நாலு மணித்தியாலத்தில் போன சிறுநீர் 60 மில்லிலீற்றர். அதாவது மணிக்கு 15. இந்த நிறைக்கு ஆகக் குறைந்தது 25ஆவது போக வேண்டும்.

இங்கேதான் ஒரு தாதியின் கண் சோதிக்கப்படுகிறது. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 100 என்பது பயப்படும் எண் அல்ல. மெலிந்த பையன்களுக்கு நூறு சாதாரணமாகவும் இருக்கும். ஆனால் டெங்குவில் மேல் எண் விழுவதற்கு முன்னால் கீழ் எண் ஏறும். நாளங்கள் இறுகி, இருக்கிற குருதியை மூளைக்கும் இருதயத்துக்கும் தள்ளப் பார்க்கும். அதனால்தான் கை குளிர்கிறது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி பதினொரு மணிக்கு 30 இருந்தது. ஒரு மணிக்கு 24 ஆயிற்று. இரண்டு மணிக்கு 18. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அது அதிர்ச்சி நிலை. நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பான். தண்ணீர் கேட்பான். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பி.சி.வி. என்று நாங்கள் சொல்லும் சோதனையையும் அவர் அந்நேரமே செய்திருந்தார். விரல் நுனியிலிருந்து மயிர்க்குழாயில் குருதி எடுத்து, முனையை அடைத்து, விடுதியிலுள்ள சிறு சுழற்றியில் ஐந்து நிமிடம் சுற்றி, செங்கலங்கள் எவ்வளவு அடர்த்தியாகப் படிந்துள்ளன என்று அளவுகோலில் வாசிப்பது. காலையில் 38 ஆக இருந்தது இப்போது 46. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நீர் வெளியே போகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கட்டில் சீட்டில் அதற்குப் பிந்திய மூன்று பதிவுகள். 2.15, உள்ளகப் பயிற்சி வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டது. 2.25, மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2.35, வைத்தியர் வந்தார். இரண்டு தரம் ஏன் என்று சிற்றூழியரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்றவர்.

"முதல் தரம் டொக்டர் கேட்டார், பிரஷர் நூறு இருக்குத்தானே எண்டு. பேந்து பாப்பம் எண்டு வெச்சிட்டார் போல. மிஸ் கோபப்படல்ல. பத்து நிமிஷத்தால திருப்பி எடுத்து, இடைவெளி பதினெட்டு, பி.சி.வி. நாப்பத்தாறு, சிறுநீர் மணிக்குப் பதினஞ்சு, நீங்க இப்ப வரோணும் சேர் எண்டு மட்டும் சொன்னாங்க."

வீணாக எழுப்புகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். எழுப்பியது எத்தனை தரம் என்பதல்ல, எதைச் சொல்லி எழுப்பினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். "நோயாளிக்கு ஒரு மாதிரியா இருக்கு, ஒருக்கா வாங்க" என்று சொல்லும் அழைப்பு, உறக்கத்தில் இருக்கும் வைத்தியரிடம் முடிவு செய்யும் பாரத்தை முழுதாகப் போட்டுவிடுகிறது. யார், என்ன நிலை, எவ்வளவு நேரத்தில் மாறியது, நான் கேட்பது என்ன என்று சொல்லும் அழைப்பு அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிடும். ஒன்பது இரவுகளிலும் அவர் வைத்தியரை அழைத்தது ஐந்து தரம். ஐந்து தரமும் வைத்தியர் வந்து மருத்துவக் கட்டளையை மாற்றியிருந்தார். ஒரு தடவைகூட வீண் அழைப்பு இல்லை.

2.40க்குக் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் வீதம், 500 மில்லிலீற்றர் சேலைன் ஒரு மணித்தியாலத்தில் செலுத்தப்பட்டது. 3.45க்கு இடைவெளி 30. பி.சி.வி. 42. பி.சி.வி. இறங்கியும் நோயாளி தேறாவிட்டால் உள்ளே எங்கோ குருதி போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒன்றாகத் தேறின. அதன் பிறகு வேகம் 350, 250, 150 என்று படியிறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் நேரமும் ஒப்பமும் இருந்தன.

காலை ஏழு மணிக்குக் கடமையைக் கையளிக்கும்போது அவர் எழுதிய வரி இது: "13 மணித்தியாலத்தில் நாளத்தால் 1,950, வாயால் ஜீவனி 150, மொத்தம் 2,100. மீதி 2,500, மீதி நேரம் 35 மணித்தியாலம்." நான் கூட்டிப் பார்த்தேன். ஆறு மணியிலிருந்து 2.40 வரை 650. பிறகு 500, 350, 250. கடைசி ஒரு மணி இருபது நிமிடத்துக்கு 200. சரியாக வந்தது. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் புத்தி மங்கும் என்றேனே, அந்த நேரத்துக் கூட்டல் இது. மீதியைச் சொல்லிக் கையளித்ததில் இன்னொரு விசேஷம் உண்டு. காலை வருபவர் "பையன் தேறிவிட்டான்" என்று கேட்டிருந்தால் சேலைனை ஓடவிட்டிருப்பார். மீதி 2,500 என்று கேட்டவர் மணிக்கு எழுபது அளவில்தான் இனிப் போகலாம் என்று தானே கணக்குப் பார்ப்பார்.

நோயாளர் பராமரிப்புக்கு ஐந்து போட எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இரவுக் கடமைக்கும் ஐந்து. அதற்குக் காரணம் இந்த ஓர் இரவு மட்டுமல்ல. அவருடைய ஒன்பது இரவுகளிலும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. காலை ஆறு மணி மருந்துகளின் பட்டியலை இரண்டு மணிக்கு முன்பே சரிபார்த்து வைத்துவிடுவார். இன்சுலின் அளவை எப்போதும் இன்னொருவர் பார்த்து ஒப்பமிட்டிருப்பார். கண் மங்கும் நேரத்துக்குப் புதிய கணக்குகளை அவர் மிச்சம் வைப்பதில்லை. கடமைப் பட்டியலையும் பார்த்தேன். மூன்று மாதத்தில் அவர் செய்த இரவுகள் மற்றவர்களை விடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு வீட்டில் இருக்க விரும்பியவர்களின் இரவுகளைத் தமிழ்த் தாதியர் ஏற்றுக்கொள்வதும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் அதைத் திருப்பிச் செய்வதும் எங்கள் விடுதியில் எழுதப்படாத வழக்கம். அந்தக் கொடுக்கல் வாங்கலிலும் அவர் பேரில் கடன் நிற்கவில்லை.

எஞ்சியது நடுத் தலைப்பு. குழுவாக இயங்குதல். இந்த இடத்தில் கடிதத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பொறாமை என்று ஒரு சொல்லில் முடிப்பது சுலபம். நான் கடிதத்தில் முதல் ஒப்பமிட்டவரை அழைத்தேன்.

"சிஸ்டர், அவ வேல தெரிஞ்சவதான். நான் இல்ல எண்டு சொல்லல்ல. அந்தப் பொடியனக் காப்பாத்தினதும் அவதான். ஆனா ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி மட்டும் மத்தக் கட்டில் எல்லாத்தையும் பாத்தது நான். முப்பத்தொண்டாம் கட்டில் வாப்பாவுக்குச் சீனி எறங்கிப் போய்ட்டு. அதப் பாத்தது நான். அது எந்தத் தாளில இரிக்கி?"

பார்த்தேன். முப்பத்தோராம் கட்டிலின் தாளில் இருந்தது. 3.20க்கு வியர்வை, குருதிச் சீனி 52. குளுக்கோஸ் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதித்து 96 என்று குறித்திருந்தார். அதுவும் நல்ல வேலைதான். பதினேழாம் கட்டிலின் கதையைக் கேட்பவர்கள் எவரும் முப்பத்தோராம் கட்டிலைக் கேட்க மாட்டார்கள். ஒருவர் ஒரு கட்டிலருகே மூன்று மணித்தியாலம் நிற்க முடிந்தது என்றால், இன்னொருவர் மற்றக் கட்டில்களிடையே ஓடியிருக்கிறார் என்றுதான் பொருள்.

"அவ உங்கக்கிட்ட ஒண்டும் சொல்லாமப் போனாவா?" என்று கேட்டேன்.

"இல்ல. சொன்னா. பன்ரெண்டு, பத்தொம்பது, முப்பத்தொண்டு மூணையும் கவனமாப் பாருங்க எண்டு சொல்லிட்டுத்தான் போனா."

இது பெரிய விஷயம். "மற்றதைப் பாருங்க" என்று சொல்லாமல் மூன்று இலக்கங்களைச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றுதான் சீனி இறங்கிய கட்டில். ஒப்பமிட்டவர் அதை மறைக்கவும் இல்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

"புதுசா வந்த புள்ள சும்மா நிண்டிச்சு சிஸ்டர். பி.சி.வி.ய அந்தப் புள்ளக்கிட்டக் குடுத்திருக்கலாம். அதையும் இவதான் ஓடிப்போய்ச் சுத்தினா. எதையும் மத்தவங்கக்கிட்டக் குடுக்க மாட்டா. நம்பமாட்டா."

தாளுக்குத் திரும்பினேன். 2.05க்கு இடைவெளி 18 என்று எழுதியவரின் கையெழுத்தே பி.சி.வி. புத்தகத்திலும் இருந்தது. குருதி எடுத்து, சுழற்றி இருக்கும் அறைக்கு நடந்து, சுற்றி, வாசித்துத் திரும்பப் பத்து நிமிடம். அதிர்ச்சி நிலையில் இருந்த நோயாளியின் பக்கத்தில், விடுதியிலேயே அதிகம் தெரிந்த தாதி அந்தப் பத்து நிமிடமும் இல்லை. தெரியாத ஒருவர் செய்யக்கூடிய வேலைக்குத் தெரிந்தவர் போயிருக்கிறார். ஒன்பது இரவுகளின் பி.சி.வி. புத்தகத்தையும் புரட்டினேன். அவர் கடமையில் இருந்த எல்லா இரவுகளிலும் எல்லா வாசிப்பும் அவருடையதே.

அவரை அழைத்து இதைக் காட்டினேன். தாளைக் காட்டாமல் புள்ளியை மட்டும் அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"அந்தப் புள்ள பிழையா வாசிச்சிட்டா என்ன செய்றது சிஸ்டர்? நாப்பத்தாற நாப்பத்திரண்டு எண்டு சொன்னா?"

"நீங்க லீவில போற அண்டைக்கு யார் வாசிக்கிறது?"

அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. குழுவாக இயங்குதல் என்றால் முகம் சுளிக்காமல் இருப்பது, தேநீர் நேரத்தில் கூட இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவருக்கு இரண்டு புள்ளிதான். நான் பார்த்தது மூன்று விஷயங்களை. அவருக்குப் பின் கடமைக்கு வருபவர் எதை அறிந்து வேலையைத் தொடங்குகிறார்? நெருக்கடியில் பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவான பொறுப்பு கிடைக்கிறதா? அவருடன் ஆறு மாதம் வேலை செய்த இளையவர் அவர் இல்லாத இரவில் என்ன செய்வார்? முதல் இரண்டிலும் அவர் மிக நன்று. மூன்றாவதில் பிடி கொடுக்கவில்லை. மூன்று புள்ளி போட்டேன். நான்கு வரியில் எழுதினேன்: "கையளித்தல் மிகத் தெளிவு. நெருக்கடியில் சக தாதிக்குக் கட்டில் இலக்கம் குறிப்பிட்டுப் பொறுப்புக் கொடுத்தார். இளம் தாதியிடம் வேலையைப் பகிர்ந்து கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு இரவு பி.சி.வி. வாசிப்பு இளம் தாதிக்குரியது, முதல் பத்தை இவர் சரிபார்க்க வேண்டும்."

முறைப்பாட்டில் முதல் ஒப்பமிட்டவரின் தாளிலும் அந்த இரவைப் பற்றி எழுதினேன். முப்பத்தோராம் கட்டில், 3.20, குருதிச் சீனி 52 என்று. அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். காலை மருந்து நாற்பது நிமிடம் பிந்தியதை எவருடைய பேரிலும் எழுதவில்லை. 42 நோயாளருக்கு மூன்று தாதியர் நின்ற இரவில் ஒருவர் அதிர்ச்சி நிலைக்குப் போனால் காலை மருந்து பிந்தும். அது ஆட்தொகையின் கணக்கு. அதை நிர்வாகத்துக்கு வேறு கடிதத்தில் எழுதினேன்.

குழு இயக்கத்துக்கு மூன்று புள்ளி என்றால் உயர் கவனிப்புப் பிரிவுக்குத் தெரிவாவாரா என்று கேட்டார்கள். தாளை முழுதாக வாசியுங்கள் என்றேன். ஆனால் மூன்று மாதம் கழித்தே அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பிரிவில் ஆறு நோயாளரும் பதினேழாம் கட்டிலைப் போன்றவர்களாகவே இருப்பார்கள். அங்கே எல்லாவற்றையும் தானே சுற்றும் ஒருவர் இரண்டாம் வாரத்தில் களைத்து விழுந்துவிடுவார்.

மூன்றாம் மாத இறுதியில் பி.சி.வி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கங்களில் இளம் தாதியின் ஒவ்வொரு வாசிப்புக்கும் பக்கத்தில் அவருடைய ஒப்பம். சில இடங்களில் எண் வெட்டித் திருத்தப்பட்டிருந்தது. 41 என்றிருந்ததை 43 ஆக்கியிருந்தார். பத்தோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன், அவர் பதினாறு வரை போயிருந்தார். அதன் பிறகு இளம் தாதியின் கையெழுத்து மட்டும். கடைசிப் பக்கத்தில் ஓர் இரவு 4.10க்கு 45 என்ற வாசிப்பு. அதே இரவின் கட்டில் சீட்டில், 4.20க்கு வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது என்று அந்தப் பிள்ளையே எழுதியிருந்தது. அன்றைய கடமைப் பட்டியலைத் தேடினேன். பத்து வருட அனுபவமுள்ள எங்கள் தாதி அன்று லீவில் இருந்தார்.

அடுத்த கிழமை அவரை உயர் கவனிப்புப் பிரிவுக்கு அனுப்பினேன்.